மூடிய தொழிலைப் பயோவில் எழுதுவது எப்படி?

மூடிப்போன தொழில் ஒன்று பின்னால் இருக்க, பயோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அதைச் சொல்லாமலே தாண்டிவிடுவார்கள். நடுவில் இரண்டு ஆண்டுகள் ஆள் எங்கே இருந்தார் என்றே தெரியாது. வேறு சிலர் மொத்தப் பயோவையும் அதற்கே கொடுத்துவிடுவார்கள். படித்து முடித்த பிறகு, "பாவம், நிறைய பட்டிருக்கிறார்" என்று தோன்றுமே தவிர, அவர் இப்போது என்ன வேலை செய்கிறார் என்பது நினைவில் நிற்காது.

இந்த இரண்டுக்கும் நடுவே எழுத ஒரு வழி இருக்கிறது. எல்லா வகைப் பயோவுக்கும் சொல்லிக்கொண்டு போனால் நீண்டுவிடும். அதனால் நிறுவனத்தின் இணையதளத்திலோ, கருத்தரங்க அழைப்பிதழிலோ, லிங்க்ட்இன் அறிமுகப் பகுதியிலோ போடுகிற ஒரு பத்தியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அறுபது எழுபது சொல்தான் இருக்கும். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றை அதிலிருந்தே சுருக்கிக்கொள்ளலாம்.

மாதிரிக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். நண்பர் ஒருவருடன் சேர்ந்து, சிறிய கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து விற்றார். 2021 மார்ச்சில் தொடங்கி 2023 ஏப்ரலில் மூடினார்கள். இப்போது கிடங்குகளுக்கான மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறார். அவருடைய பயோவைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க எழுதிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு தாள்

பயோவை எடுத்த எடுப்பில் எழுத வேண்டாம். ஒரு தாளில் ஆறு விவரங்களை வரிக்கு ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், யாருக்காக, எப்போதிலிருந்து எப்போது வரை, எவ்வளவு தூரம் போனது, ஏன் மூடினீர்கள், அதனால் இன்று எதை வேறு மாதிரி செய்கிறீர்கள். முதல் நான்கு வரிகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம்மவருக்கு நான்காவது வரி இப்படி வந்தது: 40 கிளினிக்குகள் சேர்ந்தன, அதில் 31 மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டன.

ஐந்தாவது வரியில்தான் பேனா நிற்கும். ஒரு தொழில் மூடுவதற்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். கையில் பணம் தீர்ந்திருக்கும், பெரிய போட்டியாளர் வந்திருப்பார், பார்ட்னருடன் ஒத்துப்போயிருக்காது. தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, "இதில் நான் செய்த முடிவு எது?" என்று கேளுங்கள். பணம் தீர்ந்தது விளைவு. வாடிக்கையாளர்கள் விலகியதால் வருமானம் வரவில்லை, அதனால் தீர்ந்தது. ஏன் விலகினார்கள்? மென்பொருளை வாங்கியவர் மருத்துவர். நாள் முழுக்க அதைத் தொட வேண்டியவரோ வரவேற்பு மேசையில் இருப்பவர். அவருக்குப் பழைய நோட்டே வசதியாக இருந்தது, அதிலேயே எழுதிக்கொண்டிருந்தார். வடிவமைக்கும்போது மருத்துவர்களிடம் மட்டும் கேட்டார்கள், வரவேற்பு மேசையில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. இப்போது ஒரு முடிவு வந்து நிற்கிறது, அது அவர்கள் எடுத்தது. பயோவுக்குப் போக வேண்டிய காரணம் இதுதான். போட்டியாளரும் பார்ட்னரும் தாளிலேயே இருக்கட்டும்.

ஆறாவது வரிதான் முக்கியம், அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பொறுமை கற்றேன்", "மனிதர்களைப் புரிந்துகொண்டேன்" என்று எழுதுவார்கள். இதை யாராலும் சரிபார்க்க முடியாது, யாரும் எழுதலாம். எழுத வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஒரு பழக்கத்தை. உங்கள் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவர், "ஆமாம், இவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்" என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். நம்மவர் எழுதியது: எந்தத் திரையையும் வரையும் முன் இரண்டு நாள் கிடங்கில், வேலை செய்பவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பாடம் என்ற சொல்லே இதில் இல்லை, ஆனால் பாடம் இதில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லையா? மூடி ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் வந்திருக்கவும் வாய்ப்பில்லை. அப்போது பாடத்தை இட்டுக்கட்ட வேண்டாம். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நடத்தினேன், இப்போது இதைச் செய்கிறேன் என்று இரண்டு வரி போதும். மற்றது ஆறு மாதம் கழித்துத் தானாக வரும்.

இரண்டு தவறான வரைவுகள்

தாளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினால் வழக்கமாக வருவது இது:

"2021 முதல் 2023 வரை சுகாதாரத் துறையில் புதுமையான ஸ்டார்ட்அப் ஒன்றை வழிநடத்திய அனுபவம் மிக்கவர். சவால்களை வாய்ப்புகளாக மாற்றுவதில் ஆர்வம் கொண்டவர்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர் 2023 என்ற எண்ணைப் பார்த்ததுமே, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்பார். விற்றாரா, விலகினாரா, மூடினாரா? பதில் இல்லாததால் அவரே ஒன்றை ஊகித்துக்கொள்வார், அது நடந்ததைவிட மோசமாகவே இருக்கும். ஒரு தேடலில் அந்த நிறுவனத்தின் இணையதளம் திறக்காமல் கிடப்பதையும் பார்த்துவிடுவார். மறைத்தது தெரிந்த பிறகு, மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

இரண்டாவது வகை:

"இரவு பகலாக உழைத்து உருவாக்கிய எங்கள் நிறுவனம் துரதிர்ஷ்டவசமாக மூடப்பட்டது. முதலீட்டாளர் கடைசி நேரத்தில் பின்வாங்கினார், சந்தையும் தயாராக இருக்கவில்லை. ஆனாலும் இந்தத் தோல்வி எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத்தந்தது."

எழுதியவர் மனம் திறந்துதான் எழுதியிருக்கிறார். இருந்தாலும் வரி வரியாகப் பாருங்கள். "துரதிர்ஷ்டவசமாக" என்றதும் பழி விதிமேல் போகிறது. முதலீட்டாளர்மேல் கொஞ்சம், சந்தைமேல் கொஞ்சம். எழுதியவரிடம் எதுவும் மிச்சம் இல்லை. தன்னிடம் தவறே இல்லை என்றால் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? கடைசியில், தொழிலை மூடியவருக்கு அது விடாமுயற்சியைக் கற்றுத்தந்ததாம். எனக்கு இந்த வரியைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும், ஆனால் எத்தனை பயோவில் இருக்கிறது!

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

தமிழில் எழுதும்போது ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. ஆபத்து, "மூடப்பட்டது", "மூட நேர்ந்தது", "மூடும்படி ஆகிவிட்டது" போன்றவை. யார் மூடினார் என்பதைச் சொல்லாமல் நழுவ நம் மொழியில் இத்தனை வாசல்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்த முடிவு என்றால் "மூடினேன்" என்று எழுதுங்கள். பார்ட்னர் இருந்தால் "மூடினோம்". இந்தச் சொல்லை எழுதத் தயங்குகிறவர்கள் அதிகம். ஆனால் படிக்கிறவருக்கு அது கணக்கை முடித்துப் பூட்டிவிட்டு வந்தவரின் குரலாகத்தான் கேட்கும்.

வசதி என்னவென்றால், நம் வாக்கியத்தில் அழுத்தம் கடைசி வினையில் விழும். "நாங்கள் தொடங்கிய தொழிலை 2023இல் மூடினோம்" என்றால் மூடியதுதான் காதில் நிற்கும். அதையே "நாங்கள் நடத்தி மூடிய தொழிலிலிருந்து வந்த பழக்கம் இது" என்றால், மூடியது பெயரெச்சமாக நடுவில் போய்விடுகிறது, பழக்கம் முன்னே வருகிறது. எதையும் மறைக்கவில்லை. "மூடிய" என்ற சொல் அங்கேயே இருக்கிறது. வாக்கியத்தின் கனம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

காலத்தையும் பாருங்கள். மூடிய தொழிலுக்கு மட்டும் இறந்தகாலம். பழக்கத்துக்கும் இன்றைய வேலைக்கும் நிகழ்காலம். முன்னோக்கிய தொனி வேண்டும் என்று எதிர்காலத்தில் எழுதத் தொடங்கினால் அது வாக்குறுதி ஆகிவிடும். "இத்துறையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவருவேன்" என்பதைப் படிக்கிறவர் நம்ப எந்தக் காரணமும் இல்லை, ஏற்கனவே ஒரு தொழில் மூடியதை வேறு இரண்டு வரிக்கு முன்னால்தான் படித்திருக்கிறார். இப்போது கையில் இருக்கும், முடியாத ஒரு வேலையைச் சொல்லுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையைச் சொன்னாலே பார்வை தானாக முன்னால் போகும்.

சரியான வரைவு

தாளில் இருந்ததை வைத்து நம்மவர் எழுதியது இது:

"கிடங்குகளில் வேலை செய்பவர்களுக்கான மென்பொருளை வடிவமைக்கிறேன். எந்தத் திரையையும் வரையும் முன் இரண்டு நாள் அவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பது என் வழக்கம். 2021 முதல் 2023 வரை நண்பருடன் நடத்தி மூடிய தொழிலிலிருந்து வந்த வழக்கம் அது. கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்தோம். மருத்துவர்களைக் கேட்டு வடிவமைத்தோம், அதை நாள் முழுக்கப் பயன்படுத்த வேண்டிய வரவேற்பு ஊழியர்களைக் கேட்கவில்லை. சேர்ந்த 40 கிளினிக்குகளில் 31 மூன்று மாதத்துக்குள் விலகின. இப்போது, சரக்கு எடுப்பவர்கள் ஒரு கையில் பெட்டியை வைத்துக்கொண்டே மறு கையால் இயக்கக்கூடிய திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்."

எண்ணிப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிச் சொற்கள் மூடிய தொழிலுக்கே போயிருக்கின்றன. ஆனாலும் படித்து முடித்ததும் மனதில் நிற்பது கிடங்கு. காரணம் வரிசைதான். முதல் வரியும் கடைசி வரியும் இன்றைய வேலை. நடுவில் இருக்கும் பழைய கதையும் இரண்டாவது வரியில் சொன்ன பழக்கத்துக்கு விளக்கமாகத்தான் வருகிறது. அதே வரிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பாருங்கள், கிளினிக்கில் தொடங்கிக் கிடங்கில் முடியும்படி. விவரம் ஒன்றுகூட மாறாது, ஆனால் அது ஒரு வீழ்ச்சியின் கதையாகிவிடும்.

40, 31 என்ற எண்களைப் போடத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். கட்டாயம் இல்லை. ஆனால் ஓர் எண்ணாவது இருந்தால், "நிறைய பேர் விலகினார்கள்" என்ற புலம்பல் ஒரு தகவலாக மாறிவிடும். எண்ணை எடுத்துப் பேசுகிறவர் அதைப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார் என்பதும் சேர்ந்து தெரியும். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கருத்தரங்க அழைப்பிதழுக்கு இதைப் படர்க்கையில் மாற்ற வேண்டியிருக்கும். "வடிவமைக்கிறேன்" என்பது "வடிவமைக்கிறார்" ஆகும், அவ்வளவுதான். ஆனால் "அவர் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். யாரோ ஒருவர் அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதுபோல இருக்கும். பழக்கத்தைச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

எதைச் சொல்லக் கூடாது

வெளியிடுவதற்கு முன் பார்ட்னருக்கு இந்தப் பத்தியை அனுப்புங்கள். எண்கள் அவருடையவையும்கூட. "நாங்கள் கேட்கவில்லை" என்று நீங்கள் எழுதும்போது அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். அவர் வேண்டாம் என்றால், அந்தப் பிழையை உங்கள் பங்குக்கு மட்டும் "கேட்கவில்லை, அது என் தவறு" என்று மாற்றிக்கொள்ளலாம்.

முதலீட்டாளருடனோ பார்ட்னருடனோ பிரியும்போது கையெழுத்திட்ட தாள்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கணக்கு விவரங்களை வெளியிடக் கூடாது, ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசக் கூடாது என்ற நிபந்தனைகள் அவற்றில் இருப்பது சாதாரணம். வழக்கோ, கடன் தீர்க்கும் வேலையோ இன்னும் நடந்துகொண்டிருந்தால் காரணத்தைத் தொடவே வேண்டாம். ஆண்டும் வேலையும் மட்டும் போதும், மற்றதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மூடியதை "கைமாறியது" என்றோ "வேறு நிறுவனத்துடன் இணைந்தது" என்றோ எழுதுவது தனி ரகம். மேசை நாற்காலியையும் டொமைன் பெயரையும் ஒருவர் வாங்கிக்கொண்டார் என்றால் அது நிறுவனத்தை வாங்கியதாகாது. உங்களுடன் வேலை செய்த நான்கைந்து பேருக்கு உண்மை தெரியும், அவர்களும் இணையத்தில்தான் இருக்கிறார்கள்.

தோல்விகளை மட்டும் பட்டியலாகப் போடுவதும் ஒரு வழக்கமாக இருக்கிறது. 2010இல் மெலனி ஸ்டீபன் என்ற ஆய்வாளர், கிடைக்காத வேலைகளையும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் எழுதி வைக்கும்படி 'நேச்சர்' இதழில் சொன்னார். 2016இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் யோஹானஸ் ஹவுஷோஃபர் தன்னுடைய பட்டியலை அப்படி வெளியிட்டார், அது உலகம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு அவர் அந்தப் பட்டியலிலேயே இன்னொரு வரியைச் சேர்த்தார்: தன் மொத்த ஆய்வுப் பணியையும்விட இந்தத் தோல்விப் பட்டியலுக்குத்தான் அதிகக் கவனம் கிடைத்தது என்று. வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் பயோ எழுதுகிறவர் பயப்பட வேண்டியது சரியாக இதற்குத்தான். அந்தப் பட்டியல் வேறு வேலைக்கானது, பயோவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அதேபோல, அலுவலகங்களில் குழுவாகப் பேசிக்கொள்ளப் பயன்படும் ஸ்லாக் செயலியின் கதையை மாதிரியாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்ற விளையாட்டை 2012இல் மூடியது. அதை உருவாக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த கருவிதான் பிறகு ஸ்லாக் ஆனது. அவர் கதையில் தோல்விக்குள்ளேயே வெற்றி ஒளிந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் மிஞ்சாது, ஒரு பழக்கம்தான் மிஞ்சும். மிஞ்சியதை எழுதினால் போதும்.

இடத்துக்கு ஏற்றபடி சுருக்க

எக்ஸ் தளத்தில் பயோவுக்கு 160 எழுத்து, இன்ஸ்டாகிராமில் 150. தமிழில் எழுதினால் இது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'தொழில்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு. இவ்வளவு சிறிய இடத்தில் மூடியதை விளக்க முடியாது, முயலவும் வேண்டாம். "கிடங்கு மென்பொருள் வடிவமைப்பாளர். முன்பு கிளினிக் முன்பதிவு மென்பொருள் நிறுவனத்தின் இணை நிறுவனர் (2021–2023)." இவ்வளவு எழுதினாலே கணினிக் கணக்கில் கிட்டத்தட்ட 110 எழுத்து ஆகிவிடுகிறது. முடிந்த ஆண்டு அடைப்புக்குள் இருப்பதால் மறைத்ததாகவும் ஆகாது.

லிங்க்ட்இன்னில் நேர்மாறாக இடம் தாராளம். அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம். ஆனால் முதல் சில வரிகள் மட்டும்தான் கண்ணில் படும், மீதியைப் படிக்க விரிக்க வேண்டும். எனவே அந்த முதல் வரிகளில் கிடங்கும் இரண்டு நாள் பழக்கமும் இருக்கட்டும், கிளினிக் கதை விரித்த பிறகு வரட்டும். அங்கே இன்னொன்றையும் சரிபாருங்கள். பணி அனுபவப் பட்டியலில் முடிந்த தேதியைப் போடாமல் விட்டால், மூடிய நிறுவனத்தை நீங்கள் இன்றும் நடத்திக்கொண்டிருப்பதாகக் காட்டும். பயோவில் மூடியதை அழகாக எழுதிவிட்டுக் கீழே அது ஓடிக்கொண்டிருப்பதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

வெளியிடும் முன் ஒரு சோதனை

உங்கள் கதை தெரியாத ஒருவரிடம் பத்தியைக் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதை வாங்கி வைத்துக்கொண்டு, "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். கிடங்கு மென்பொருள் என்று வந்தால் சரி. "கிளினிக் தொழில் நடத்தி நஷ்டப்பட்டவர்" என்று வந்தால், முதல் வரியோ கடைசி வரியோ பலவீனமாக இருக்கிறது. நடுவில் வெட்டாமல் அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் திருத்துங்கள். "ஐயோ பாவம்" என்ற முகம் தெரிந்தால், உழைப்பையும் வருத்தத்தையும் பற்றிய சொல் ஏதோ உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி எழுதினால் நேரில் பார்க்கிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நம்மவரிடம் வரக்கூடிய கேள்வி, "மீதி ஒன்பது கிளினிக்குகள் ஏன் விலகவில்லை?" என்பதுதான். நல்ல கேள்வி அது. அந்த ஒன்பதில் எத்தனையில் மருத்துவரே வரவேற்பு மேசை வேலையையும் பார்த்தார் என்று அவர் போய்த் தேடிப் பார்த்திருந்தால், ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் பேச்சைக் கொண்டுவர முடியும். தேடவில்லை என்றால், எண்களைப் பயோவில் போடும் முன் இப்போதாவது தேடுவது நல்லது.

கடைசி வரிக்கு ஆயுள் குறைவு. ஒற்றைக் கைத் திரை சோதனை முடிந்து ஓர் ஆண்டு ஆன பிறகும் "சோதித்துக்கொண்டிருக்கிறேன்" என்று இருந்தால், அந்த வேலையும் நின்றுபோய்விட்டதோ என்று தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வரியை மாற்றுங்கள். அப்படி மாற்றும்போதெல்லாம் நடுப்பகுதியிலும் கொஞ்சம் குறையும். முதலில் எண்கள் போகும், பிறகு காரணம் போகும். ஐந்தாறு ஆண்டில் ஆண்டுகள் மட்டும் பணி அனுபவப் பட்டியலில் நிற்க, பத்தியிலிருந்து கிளினிக் முழுவதும் போய்விடலாம். இரண்டு நாள் கிடங்கில் நின்று பார்க்கும் வரியை மட்டும் எடுக்க வேண்டாம்.